டிகிரி கையில், வீடு யார் கையில்?

பாகப்பிரிவினை வழக்கில் ஜெயித்தவர்கள் பலர், தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்தும் அண்ணன் அதே வீட்டில் இருப்பார், வயலில் அவரே நடவு நட்டுக்கொண்டிருப்பார். "கோர்ட்டு எனக்குத்தானே எழுதிக் கொடுத்தது?" என்று இவர்கள் கேட்பார்கள். கோர்ட் எழுதிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் எழுதிக் கொடுப்பதும் இடத்தைப் பிடித்துக் கொடுப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். இப்படிப் போடப்பட்டு முடியாமல் கிடக்கும் நிறைவேற்று மனுக்கள் நாடு முழுவதும் 8.82 லட்சம் என்றும், அதில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 86 ஆயிரம் என்றும் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் கணக்கு வைக்கப்பட்டது. எல்லா வகை வழக்குகளும் சேர்ந்த கணக்கு அது. பாகவழக்குகளில் தாமதத்துக்குப் பாதிக் காரணம், கையில் இருக்கும் தாளைச் சரியாகப் படிக்காததுதான் என்பது என் கருத்து.

விளக்கத்துக்காக ஒரு வழக்கை நாமே அமைத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா முன்பே காலமானவர். பிள்ளைகள் மூன்று பேர்: அண்ணன், தங்கை, தம்பி. அப்பா சம்பாதித்த சொத்து என்பதால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. சொத்து இரண்டு. தெருவிலிருந்து பின்னோக்கி நீளும், 24 அடி அகலமும் 75 அடி நீளமும் உள்ள ஒரு வீடு. கிணற்றோடு 1 ஏக்கர் 20 சென்ட் நன்செய். 2012இல் தங்கை சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2016இல் ஒரு டிகிரி, 2019 ஏப்ரல் 10இல் இன்னொரு டிகிரி வந்தது.

இரண்டு டிகிரி எதற்கு என்ற இடத்தில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. 2016இல் வந்தது முதல்நிலைத் தீர்ப்பாணை. "வாதிக்கு 1/3 பாகம் உண்டு, அதைப் பிரித்துத் தர வேண்டும்" என்று அது சொல்லும். எந்த மூலை யாருக்கு என்று சொல்லாது. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது, ஏனென்றால் எந்த அறையைக் காலி செய்ய வேண்டும் என்றே இன்னும் தீர்மானமாகவில்லை. இறுதித் தீர்ப்பாணை வேண்டும் என்று அதே வழக்கில் தனி மனுப் போட வேண்டும். கோர்ட் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமிக்கும். அவர் சர்வேயரோடு வந்து அளந்து, வரைபடம் போட்டு, பங்கு பிரித்து அறிக்கை கொடுப்பார். ஆட்சேபணைகளைக் கேட்டபின் கோர்ட் அந்தப் பிரிவினையை ஏற்றால் அதுதான் இறுதித் தீர்ப்பாணை.

முதல்நிலை டிகிரியை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து வருடம் கழித்து எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு ஆறுதல். இறுதித் தீர்ப்பாணை கேட்கும் மனுவுக்குக் காலக்கெடு கிடையாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கே இன்னும் முடியவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது அதன் நியாயம். 2022இல் இன்னும் ஒரு படி மேலே போய், முதல்நிலைத் தீர்ப்பாணை கொடுத்தபின் யாரும் மனுப் போடட்டும் என்று காத்திராமல், விசாரணை நீதிமன்றமே வழக்கை இறுதிக் கட்டத்துக்கு நகர்த்த வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தாராளம் எல்லாம் இறுதித் தீர்ப்பாணை வரைக்கும்தான். அதன் பிறகு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

தங்கை கையில் இருக்கும் 2019ஆம் வருடத்து இறுதித் தீர்ப்பாணையை இப்போது பிரிப்போம். தீர்ப்பு என்பது காரணங்களை எழுதும் நீண்ட கட்டுரை. தீர்ப்பாணை சில பக்கங்களே இருக்கும். நிறைவேற்றும் கோர்ட் பார்ப்பது இந்தச் சில பக்கங்களைத்தான். தீர்ப்பில் நீதிபதி உங்களுக்குச் சாதகமாக என்ன எழுதியிருந்தாலும், தீர்ப்பாணையில் இல்லாததை நிறைவேற்றும் கோர்ட் சேர்த்துக் கொடுக்காது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உத்தரவுப் பகுதியில் உங்களுக்கு எந்தப் பங்கு ஒதுக்கப்பட்டது, அதைத் தனிச் சுவாதீனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற வாசகம் இருக்கிறதா என்பது.

அடுத்தது சொத்து விவரம், அதாவது தபசில். அதோடு ஒட்டியிருக்க வேண்டியது ஆணையரின் வரைபடம். "இந்த வரைபடம் தீர்ப்பாணையின் ஒரு பகுதி" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நகல் மனுப் போடும்போது பலர் வரைபடத்தின் நகலைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். வரைபடம் இல்லாத பாகப்பிரிவினை டிகிரியால் அமீனாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

தங்கையின் வரைபடத்தில் வீடு மூன்று துண்டாகியிருக்கிறது. தெருப்பக்கம் 20 அடிக்கு 25 அடி, அதாவது 500 சதுர அடி, அண்ணனுக்கு. அதன் பின்னால் அதே அளவு தம்பிக்கு. இந்த இரண்டையும் ஒட்டித் தெற்கே 4 அடி அகலத்தில் 50 அடி நீளத்துக்குப் பொதுநடை, 200 சதுர அடி. கடைசியில் முழு அகலத்துக்கும் 24 அடிக்கு 25 அடி, 600 சதுர அடி, தங்கைக்கு. எல்லாம் கூட்டினால் 1,800 வருகிறது. தங்கைக்கு 100 சதுர அடி கூடுதலாகப் போனது தவறில்லை. தெருமுகப்புக்கு மதிப்பு அதிகம் என்பதால் ஆணையர் பின்பகுதியை அளவில் கூட்டி ஈடுகட்டியிருக்கிறார். நன்செயில் கிணற்றுக்கும் வண்டிப்பாதைக்கும் 6 சென்ட் பொதுவாக விட்டு, மீதி 114 சென்ட்டில் ஆளுக்கு 38 சென்ட். உங்கள் டிகிரியிலும் இப்படி அடியையும் சென்ட்டையும் ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். கூட்டல் சரியாக வராத டிகிரி, நிறைவேற்றும் நாளில் சண்டைக்கு அழைப்பு.

தங்கையின் தாளில் கூட்டல் சரிதான், சர்வே எண்ணில் சிக்கல். அப்பா வாங்கிய 1974ஆம் வருடப் பத்திரத்தில் நிலம் 118/2 என்று இருந்தது. பிறகு வந்த யு.டி.ஆர். நில அளவையில் அது 118/2பி ஆகிவிட்டது. வழக்குப் போட்டபோது பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதியதால் டிகிரியிலும் பழைய எண்ணே வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இது சர்வ சாதாரணம். வரைபடமும் நான்கு எல்லைகளும் நிலத்தைச் சந்தேகமில்லாமல் காட்டும்போது, எழுத்துப் பிழை என்ற வகையில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் திருத்த மனுப் போடலாம். எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்றாலும், நிறைவேற்று மனுவுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. எது அந்த நிலம் என்றே தகராறு இருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது.

மூன்றாவது, முத்திரைத்தாள். இதில் ஏமாந்தவர்கள் அதிகம். பாகப்பிரிவினை இறுதித் தீர்ப்பாணை முத்திரைச் சட்டத்தின் பார்வையில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் போன்றது. அதனால் உரிய மதிப்புக்கு நீதித்துறை சாராத முத்திரைத்தாள் வாங்கி கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அதில் தீர்ப்பாணை எழுதப்பட்டு நீதிபதி கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை நிறைவேற்ற முடியும். எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்பதைக் கோர்ட் அலுவலகமே கணக்கிட்டுச் சொல்லும். "சரி, முத்திரைத்தாள் கொடுத்த அன்றிலிருந்துதானே காலக்கெடு ஓடும்?" என்று கேட்டால், இல்லை என்பதே பதில். டிகிரியை நிறைவேற்றக் காலவரையறைச் சட்டம் தரும் 12 வருடம், இறுதித் தீர்ப்பாணை கொடுத்த தேதியிலிருந்து ஓடுகிறது.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில் இதுதான் நடந்தது. இறுதித் தீர்ப்பாணை 1970 நவம்பரில். நிறைவேற்று மனு போடப்பட்டது 1984 மார்ச்சில். முத்திரைத்தாளே அப்போதுதான் கொடுக்கப்பட்டது, அதனால் காலம் தாண்டவில்லை என்று வாதாடினார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முத்திரைத்தாளைக் கொடுக்காமல் இருந்தது உங்கள் கையில் இருந்த விஷயம். அதைத் தள்ளிப்போட்டுக் காலத்தை நீட்டிக்க முடியாது என்பதுதான் சாரம். ஜெயித்த சொத்து காலக்கெடுவில் போயிற்று. 2005இல் இன்னொரு வழக்கிலும் இதையே சொன்னார்கள். நம் தங்கைக்குக் கணக்கு 2019 ஏப்ரல் 10இல் தொடங்கி 2031 ஏப்ரலில் முடிகிறது. மேல்முறையீடு நடந்திருந்தால் மேல்கோர்ட் தீர்ப்பாணையின் தேதியிலிருந்து எண்ணலாம். மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள் என்பது மட்டுமே தடையாகாது, தனியாகத் தடை உத்தரவு வாங்கியிருக்க வேண்டும்.

பாகவழக்கில் இன்னொரு விசேஷம், வாதி மட்டும்தான் நிறைவேற்று மனு போடலாம் என்பதில்லை. தம்பி பிரதிவாதியாகவே இருந்திருந்தாலும், தன் பங்குக்குரிய நீதிமன்றக் கட்டணத்தைக் கட்டித் தனக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அவரும் தன் பகுதியைக் கேட்டு மனுப் போடலாம். அக்கா போட்டுவிடுவார் என்று காத்திருந்தால் தம்பியின் 12 வருடமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

தங்கை 2022இல் நிறைவேற்று மனு போடுகிறார். பேச்சு வழக்கில் இ.பி. வழக்கு எண், தீர்ப்பாணைத் தேதி, மேல்முறையீடு உண்டா இல்லையா, யார் மீது நிறைவேற்ற வேண்டும், கோர்ட் எந்த வகையில் உதவ வேண்டும் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். தீர்ப்பாணை வந்து 2 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் எதிராளிக்கு நோட்டீஸ் போயே ஆக வேண்டும். அண்ணன் இங்கே வாய்தா வாங்குவார். பங்கு பிரித்ததே தவறு என்பார். அந்தக் கதவு மூடியாயிற்று. நிறைவேற்றும் கோர்ட் டிகிரியின் பின்னால் போய் அதன் சரி தப்பைப் பார்க்காது. நிறைவேற்று மனுவை 6 மாதத்தில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் எந்தக் கோர்ட்டில் 6 மாதத்தில் முடிகிறது என்று கேட்காதீர்கள். ஆனால் வாய்தா நீளும்போது அந்தத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் நினைவுபடுத்தலாம்.

ஆட்சேபணை தள்ளுபடியானதும் 'டெலிவரி'க்கு உத்தரவாகும். பேட்டா கட்டினால் வாரண்ட் எழுதப்பட்டு, நாஜர் வழியாக அமீனாவின் கைக்குப் போகும். வாரண்டில் திருப்பி அனுப்ப வேண்டிய தேதி ஒன்று இருக்கும். அதற்குள் வேலை முடியவில்லை என்றால் மறுபடி வாரண்ட் வாங்க வேண்டும். இந்த இடைவெளியில் மூன்று மனுக்களைக் கையோடு போட்டுவைப்பது புத்திசாலித்தனம்: சர்வேயர் உதவிக்கு ஒன்று, பூட்டை உடைக்க அனுமதிக்கு ஒன்று, தகராறு வரும் என்று காரணம் இருந்தால் போலீஸ் பாதுகாப்புக்கு ஒன்று. இவை இல்லாமல் போன அமீனா, "வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அன்று காலை என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். சர்வேயர் வடகிழக்கு மூலையில் டேப்பை வைத்து, பின்சுவரிலிருந்து தெருவை நோக்கி 25 அடி அளக்கிறார். கோடு, பழைய சமையலறையின் நடுவே விழுகிறது. தரையில் சுண்ணாம்பு போட்டு, இரு பக்கமும் கல் நடுகிறார்கள். பின்கட்டு அறையில் அண்ணனின் நெல் மூட்டைகளும் ஒரு மரப் பத்தாயமும் கிடக்கின்றன. அவை டிகிரியில் இல்லை. ஆகவே பட்டியல் எழுதி அண்ணனிடமே ஒப்படைக்க வேண்டும். அவர் வாங்க மறுத்தால் அதையும் எழுத வேண்டும். பொருள் அகன்றதும் தங்கை தன் பூட்டைப் போடுகிறார். தெற்குப் பக்கத்துப் பொதுநடையில் ஏதாவது அடைத்திருந்தால் அதையும் அப்போதே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பின்கட்டு கிடைத்தும் உள்ளே போக வழியில்லை. கடைசியாக அமீனாவின் அறிக்கை. அளந்தது, கல் நட்டது, பூட்டு மாறியது, நேரம், அங்கிருந்த சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் அதில் வர வேண்டும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், 'பேப்பர் டெலிவரி' என்று கோர்ட் வளாகத்தில் சொல்லப்படும் ஒரு விவகாரம். ஆள் உள்ளே இருக்கும்போதே, சுவரில் வாரண்ட் நகலை ஒட்டி, தண்டோரா போட்டு, "சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிவிடுவது. சட்டத்தில் இந்த அடையாளச் சுவாதீனத்துக்கு இடம் உண்டு, ஆனால் குறிப்பிட்ட சூழ்நிலைகளுக்கு மட்டும். நன்செயில் 6 சென்ட் கிணறும் பாதையும் மூவருக்கும் பொது. அங்கே கூட்டுச் சுவாதீனம்தான் கொடுக்க முடியும் என்பதால் ஒட்டுவதும் தண்டோராவும் சரி. டிகிரிக்குக் கட்டுப்படாத, சட்டப்படி குடியிருக்கும் வாடகைதாரர் இருந்தாலும் சரிதான். அவரை வெளியே அனுப்பாமல், இனி வாடகை தங்கைக்கு என்று மாறும். அவரைக் காலி செய்ய வேண்டுமானால், வாடகைக்காகத் தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி தனியாகப் போக வேண்டும். ஆனால் அண்ணனே பின்கட்டில் இருக்கும்போது தங்கைக்குக் கிடைக்க வேண்டியது கட்டளை 21, விதி 35இன் கீழ் நிஜச் சுவாதீனம். பூட்டு மாறாத டெலிவரியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், டிகிரி நிறைவேறியதாகப் பதிவாகிவிடும். பிறகு மீண்டும் வாரண்ட் கேட்டால், வாங்கியாயிற்றே என்பார்கள்.

வயலில் வேறு பூதம் கிளம்புகிறது. தங்கைக்கு ஒதுக்கிய 38 சென்ட்டில் 20 சென்ட்டை 2017இல் விலைக்கு வாங்கியதாக ஒருவர் வரப்பில் நிற்கிறார். அமீனா வேலையை நிறுத்திவிட்டு, தடங்கல் ஏற்பட்டதாக எழுதிக்கொண்டு போகிறார். இதோடு மனம் உடைந்து புது வழக்குப் போடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போடக்கூடாது. தடங்கல் நடந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், விதி 97இன்படி அதே நிறைவேற்றும் கோர்ட்டில் தடங்கல் நீக்க மனுப் போட வேண்டும். வாங்கியவருக்கு உரிமை உண்டா, அவர் யார், எப்போது வாங்கினார் என்ற கேள்வி எல்லாவற்றையும் அதே கோர்ட்தான் தீர்க்க வேண்டும், தனி வழக்கு கூடாது என்று விதி 101 சொல்கிறது. 2012இல் வழக்கு, 2017இல் கிரயம். வழக்கு நடக்கும்போது அண்ணனிடம் வாங்கியவர் அண்ணனுக்கு மேல் உரிமை கேட்க முடியாது. டிகிரி அவரையும் கட்டும். தடங்கல் செய்ய அவருக்கு இடமில்லை என்பதை விதி 102 நேரடியாகவே சொல்கிறது. அவருடைய பணத்துக்கு அவர் அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதுவே 2012க்கு முன் வாங்கியவர் என்றால் கதை வேறு. அவரை வழக்கிலேயே சேர்த்திருக்க வேண்டும், சேர்க்காமல் விட்டிருந்தால் இந்தக் கட்டத்தில் அவர் சொல்வதைக் கோர்ட் தீவிரமாகக் கேட்கும். ஆகவே வழக்குப் போடுமுன் வில்லங்கச் சான்று எடுப்பது, பத்து வருடம் கழித்து வரப்பில் நிற்கப்போகும் ஆளை முன்கூட்டியே பார்ப்பதற்குத்தான். டிகிரிக்குக் கட்டுப்பட்டவர்கள் நியாயமான காரணமில்லாமல் மறுபடி மறித்தால், 30 நாள் வரை சிவில் சிறையில் வைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

எல்லாம் முடிந்து டெலிவரி பதிவானதும், நிறைவேற்று மனு முடித்துவைக்கப்படும். முத்திரையிட்ட தீர்ப்பாணை, வரைபடம், அமீனா அறிக்கை, டெலிவரியைப் பதிவு செய்த உத்தரவு, இந்த நான்குக்கும் சான்றிட்ட நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாணையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். பிறகு வாங்க வருகிறவர் தேடும் இடம் அதுதான். தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேட்டு மனுக் கொடுங்கள். பொதுநடைக்கும் கிணற்றுக்கும் உரிய உரிமை அதில் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் அண்ணன் பூட்டை உடைத்து உள்ளே வந்தால் பழைய டிகிரியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை, அது ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. போலீஸில் அத்துமீறல் புகார் கொடுப்பதோடு, குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் சுவாதீனம் மீட்கும் வழக்கைத் தொடுக்க வேண்டும். உரிமை யாருடையது என்பதற்குள் அந்த வழக்கு போகாது. சுவாதீனத்தில் இருந்தவரைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினார்களா என்று மட்டுமே பார்க்கும். அமீனா அறிக்கை அங்கே முதல் சாட்சி. அதற்குக் கெடு, வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதம்.